சேர்ந்தே ஏறும் எண்கள்

1967-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஜேம்ஸ் லாங்லி என்பவரின் கட்டுரை ஒன்று வெளியானது. அவர் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தைச் சேர்ந்தவர். கட்டுரையில் இருந்த அட்டவணை பதினாறே வரிதான். 1947 முதல் 1962 வரை ஆண்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அந்த ஆண்டு அமெரிக்காவில் வேலையில் இருந்தவர்களின் எண்ணிக்கை. பக்கத்தில், அந்த எண்ணிக்கையை விளக்கக்கூடும் என்று கருதப்பட்ட ஆறு காரணிகள்: விலைவாசிக் குறியீடு, மொத்த தேசிய உற்பத்தி, வேலையில்லாதோர், ராணுவத்தில் இருப்போர், பதினான்கு வயதைக் கடந்தோரின் மக்கள்தொகை, கடைசியாக ஆண்டு.

அட்டவணை சின்னதுதான். ஆனால் ரெக்ரஷன் கற்பவர்கள் இன்றும் அதைத் தாண்டாமல் போவதில்லை. ஆர் மென்பொருளை நிறுவினால் `longley` என்ற பெயரில் அது கூடவே வந்து இறங்கும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணிகளை ஒரே சமன்பாட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தப் பின்னலுக்குப் பெயர் மல்டிகொலினியாரிட்டி. 1934-ல் நார்வே பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ் விரிவாக எழுதிய சங்கதி இது.

முதலில் ஒரு காரணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பதினாறு ஆண்டுகளில் அமெரிக்காவின் மொத்த உற்பத்தி சுமார் 23,400 கோடி டாலரிலிருந்து 55,500 கோடி டாலருக்கு ஏறியது. வேலையில் இருந்தவர்கள் 6.03 கோடியிலிருந்து 7.06 கோடியானார்கள். இரண்டையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, நடுவே பொருத்தமான நேர்கோடு ஒன்றை இழுப்பதுதான் ரெக்ரஷனின் எளிய வடிவம். அந்தக் கோடு சொல்வது இது: உற்பத்தி 100 கோடி டாலர் கூடினால் வேலையில் இருப்போர் சுமார் 34,750 பேர் கூடுகிறார்கள். இந்த எண்ணைத்தான் கெழு என்கிறோம். இதன் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்பதன் அளவு, வெறும் 1,700 பேர். உற்பத்தி பெருகினால் வேலையும் பெருகும், யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

இப்போது மற்ற ஐந்து காரணிகளையும் உள்ளே விடுவோம். உற்பத்தியின் கெழு 34,750 கூட்டலிலிருந்து 35,800 கழித்தலாக மாறிவிடுகிறது. உற்பத்தி 100 கோடி டாலர் கூடினால் 35,800 பேருக்கு வேலை போகிறதாம். மக்கள்தொகையின் கெழுவும் கழித்தல்தான். ஆள் கூடினால் வேலை செய்வோர் குறைகிறார்கள் என்று அர்த்தம். ஆண்டின் கெழுவோ கூட்டல் 18.29 லட்சம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, காலண்டர் ஓர் ஆண்டு நகர்ந்தால் மட்டுமே 18 லட்சம் பேருக்கு வேலை கிடைத்துவிடுமாம். அந்தக் காலத்தில் பதினான்கு வயதைக் கடந்தோரின் மொத்த எண்ணிக்கையே ஆண்டுக்குச் சராசரியாக 15 லட்சம்தான் கூடிக்கொண்டிருந்தது.

கணக்கில் தப்பா? லாங்லியின் காலத்தில் அப்படிக் கேட்பதற்கு நியாயம் இருந்தது. அவர் இந்தக் கணக்கைக் கையால் பல இலக்கங்களுக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அன்றைய கணிப்பொறி நிரல்களின் விடைகளோடு ஒப்பிட்டார். நிரலுக்கு நிரல் விடை மாறியது. காரணிகள் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தால், கணக்கின் நடுவில் கடைசி இலக்கங்களைக் கத்தரிக்கும்போது விழும் சின்னப் பிழைகூட விடையில் பெரிதாகிவிடும். அவர் கட்டுரை எழுதியதே அந்த நிரல்களின் யோக்கியதையைச் சொல்லத்தான். இன்றைக்கு அந்தக் குறை இல்லை. மேலே சொன்ன எண்கள் எல்லாம் சரியான விடைகள். கணக்கு சரியாக இருந்தும் பதில் அபத்தமாக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பல காரணிகள் உள்ள சமன்பாட்டில் ஒரு கெழு எதைச் சொல்கிறது என்பதில்தான் இதன் விடை இருக்கிறது. ‘உற்பத்தி கூடினால் வேலை எவ்வளவு கூடும்’ என்பதல்ல அங்கே கேள்வி. ‘விலைவாசி, மக்கள்தொகை, ஆண்டு, வேலையில்லாதோர், ராணுவம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, உற்பத்தி மட்டும் கூடினால் என்ன ஆகும்’ என்பதே கேள்வி. அப்படி ஒரு சம்பவம் இந்தப் பதினாறு வரிகளில் எங்கேயாவது நடந்ததா? இல்லை. ஆண்டு நகர நகர மக்கள்தொகை கூடியது, விலை ஏறியது, உற்பத்தியும் ஏறியது. போதாக்குறைக்கு இங்கே உற்பத்தி அந்தந்த ஆண்டின் விலையில் கணக்கிடப்பட்டது. ஆக, விலைவாசி உற்பத்திக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் எப்போதும் ஒன்றாகவே பூட்டப்பட்ட மாடுகளில் எது எவ்வளவு இழுக்கிறது என்று வண்டியின் வேகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

சொல்ல முடியாது என்று மனிதன் கைவிரித்துவிடுவான். சூத்திரம் அப்படிச் செய்யாது. காரணிகள் நூற்றுக்கு நூறு ஒன்றாக நகராதவரை, எங்கோ ஓரிரு ஆண்டுகளில் அவை ஒன்றையொன்று லேசாக விலகிய அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, முழுப் பங்கீட்டையும் அதன் மேல் கட்டிவிடும். அதனால் ஒன்றுக்குப் பெரிய கூட்டல், இன்னொன்றுக்குப் பெரிய கழித்தல் என்று எண்கள் எதிரெதிராக வீங்குகின்றன. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும், தனித்தனியே பார்த்தால் பொருள்படாது.

இந்த வீக்கத்தின் முதல் அடையாளம் திட்டப்பிழையில் தெரியும். தனியாக இருந்தபோது 1,700 பேராக இருந்த உற்பத்தியின் திட்டப்பிழை, ஆறு பேர் கூட்டத்தில் 33,500 பேராகிவிட்டது. அதை வைத்து 95 சதவீத நம்பக எல்லையைப் போட்டால், உண்மைக் கெழு 1,11,600 கழித்தல் முதல் 39,900 கூட்டல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. முதலில் கிடைத்த 34,750-ம் இந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. ஆகவே ரெக்ரஷன் பொய் சொல்லவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று அது திட்டப்பிழை வழியாகச் சொல்கிறது. கெழுவின் குறியை மட்டும் படித்துவிட்டு, பக்கத்து நெடுவரிசையைப் படிக்காமல் அறிக்கை எழுதுபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதில் வேடிக்கை, மொத்தச் சமன்பாடு படுஜோராக வேலை செய்கிறது. R² என்ற அளவு 0.9955. வேலை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் 99.5 சதவீதத்தை இந்த ஆறும் சேர்ந்து பிடித்துவிடுகின்றன. ஆனால் விலைவாசி, உற்பத்தி, மக்கள்தொகை மூன்றும் தனித்தனியே ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ இல்லை என்று வருகின்றன. கூட்டமாக அபாரம், தனியாக ஆளே இல்லை என்ற இந்த முரண்பாட்டைக் கண்டால் பின்னலைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு: ஒரு வரியை நீக்கிப் பார்ப்பது. வில்லியம் கிரீன் எழுதிய பொருளியல் அளவியல் பாடநூலில் லாங்லியின் அட்டவணை ஆறுக்குப் பதில் நான்கு காரணிகளோடு (ஆண்டு, விலைவாசி, உற்பத்தி, ராணுவம்) போடப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டுகளையும் வைத்தால், விலைவாசிக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் சுமார் 19,800 பேருக்கு வேலை குறைகிறது. 1962 என்ற ஒரே ஓர் ஆண்டை நீக்கினால் அது 1,81,000 பேராகிவிடுகிறது. ஒன்பது மடங்கு. ஒரு வரியை அழித்ததற்கு இவ்வளவு ஆட்டம் ஆடும் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் கொள்கை வகுக்க முடியாது.

இந்த நான்கு காரணிக் கணக்கில் உற்பத்தியின் கெழு மறுபடியும் கூட்டலுக்குத் திரும்பி 64,400 ஆகிறது. ஆண்டின் கெழு 18 லட்சம் கூட்டலிலிருந்து 5.76 லட்சம் கழித்தலுக்குக் குப்புற விழுகிறது. ஆனால் இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குப் பின்னலை மட்டுமே பழி சொல்லக் கூடாது. நான்கில் வேலையில்லாதோர் எண்ணிக்கை இல்லை. அவசியமான காரணி ஒன்றை வெளியே விட்டால், அதன் வேலையையும் உள்ளே இருப்பவை தலையில் சுமக்கும். அது வேறு நோய். இரண்டும் ஒரே அட்டவணையில் சேர்ந்து வரும்போது பிரித்தறிவது கடினம்.

பின்னலைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் முதலில் போடுவது ஒட்டுறவு அட்டவணை. இரண்டிரண்டு காரணிகளாக எடுத்து, எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று பார்ப்பது. உற்பத்திக்கும் ஆண்டுக்கும் 0.995. உற்பத்திக்கும் மக்கள்தொகைக்கும் 0.991. விலைவாசிக்கும் உற்பத்திக்கும் 0.992. இவை கண்ணை உறுத்தும், தப்பவிட மாட்டோம். வேலையில்லாதோர் வரிசையைப் பாருங்கள். எந்த ஒரு காரணியோடும் அதன் ஒட்டுறவு 0.69-ஐத் தாண்டவில்லை. அட்டவணையை மட்டும் நம்புபவர் ‘இது பரவாயில்லை, சுதந்திரமான காரணி’ என்று முடிவுகட்டிவிடுவார்.

அங்கேதான் வி.ஐ.எஃப் என்ற அளவு கைகொடுக்கிறது. இரண்டிரண்டாகப் பார்க்காமல், ஒரு காரணியை மற்ற ஐந்தையும் சேர்த்து வைத்து விளக்க முடிகிறதா என்று கேட்பது அதன் வழி. வேலையில்லாதோரை இலக்காக வைத்து, மற்ற ஐந்தையும் காரணிகளாக்கி ஒரு தனி ரெக்ரஷன் போட வேண்டும். அதில் வரும் R²-ஐ ஒன்றிலிருந்து கழித்து, ஒன்றை அதனால் வகுத்தால் வி.ஐ.எஃப்.

```
VIF = 1 / (1 - R²)
```

வேலையில்லாதோருக்கு அது 33.6. அதாவது அந்த எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் 97 சதவீதம் மற்ற ஐந்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எப்படி என்று யோசித்தால் புரியும். ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் பாதையிலிருந்து உற்பத்தி சற்றே கீழே சறுக்கினால் அதுதான் மந்தநிலை. மந்தநிலையில் வேலையில்லாதோர் பெருகுவார்கள். உற்பத்தியைத் தனியாகப் பார்த்தாலும் ஆண்டைத் தனியாகப் பார்த்தாலும் இது தெரியாது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் வேலையின்மை இருக்கிறது. ஜோடி ஜோடியாகப் பார்க்கும் அட்டவணைக்கு இந்த மூவர் கூட்டணி கண்ணில் படாது.

மற்றவற்றின் வி.ஐ.எஃப்: உற்பத்திக்குச் சுமார் 1,788, ஆண்டுக்கு 759, மக்கள்தொகைக்கு 399, விலைவாசிக்கு 136, ராணுவத்துக்கு 3.6. இதன் வர்க்கமூலத்தை எடுத்தால் திட்டப்பிழை எத்தனை மடங்கு வீங்கியிருக்கிறது என்பது கிடைக்கும். உற்பத்திக்கு 42 மடங்கு. ராணுவத்துக்கு இரண்டு மடங்குக்கும் குறைவு. கொரியப் போர் தொடங்கியதும் ஏறி, முடிந்ததும் இறங்கிய எண்ணிக்கை அது. மற்றவற்றோடு சேர்ந்து மலையேறவில்லை. அதனால் ஆறு காரணிச் சமன்பாட்டில் அதன் கெழு தெளிவாக நிற்கிறது: ராணுவத்துக்கு ஆயிரம் பேர் போனால் வேலையில் சுமார் ஆயிரம் பேர் குறைகிறார்கள். பின்னல் ஒரு சமன்பாட்டில் இருக்கிறது என்பதால் அதிலுள்ள எல்லாக் கெழுக்களும் கெட்டுப்போவதில்லை. பின்னலில் சிக்கியவை மட்டுமே கெடும்.

வி.ஐ.எஃப் பத்தைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஐந்தே போதும் என்பாரும் உண்டு. எனக்கு இந்த எல்லைக்கோடுகள் மேல் பெரிய மரியாதை இல்லை. அடுத்த ஆண்டு எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று ஊகிப்பது மட்டுமே நோக்கமென்றால், காரணிகள் இதே போலச் சேர்ந்து நகரும்வரை, 1,788 இருந்தாலும் ஊகம் கெடாது. உற்பத்தியின் தனிப்பங்கு எவ்வளவு என்பதே கேள்வி என்றால், பதினாறு வரிகளை வைத்துக்கொண்டு ஒன்பது என்ற வி.ஐ.எஃப்-கூடக் கவலைக்குரியதுதான்.

சரி, என்ன செய்வது? கைக்கு வரும் முதல் யோசனை, ஒன்றிரண்டைத் தூக்கிவிடுவது. எதைத் தூக்குவது என்பதை மென்பொருளிடமே விட்டால், ஆரில் உள்ள `step()` விலைவாசியையும் மக்கள்தொகையையும் வெளியே தள்ளுகிறது. R² ஏறக்குறைய அசையவே இல்லை, 0.9954. அந்த இரண்டும் புதிதாக எதையும் சொல்லவில்லை என்பது உறுதியாகிறது. ஆனால் மிஞ்சிய நான்கில் உற்பத்தியின் கெழு இன்னமும் கழித்தல்தான், 40,200. இப்போது திட்டப்பிழை பாதியாகிவிட்டதால் ‘முக்கியத்துவம் உண்டு’ என்ற முத்திரையும் விழுந்துவிடுகிறது. முன்பு தயங்கித் தயங்கிச் சொன்ன அபத்தத்தை இப்போது உரக்கச் சொல்கிறது. வேலையின்மையும் ஆண்டும் அப்படியே இருக்க உற்பத்தி மட்டும் உயர்வது என்ற கற்பனை நிலைமை இன்னும் கற்பனையாகவே இருக்கிறது. காரணிகளைக் குறைத்ததால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வந்துவிடவில்லை.

1970-ல் ஹோர்ல், கென்னார்டு இருவரும் ‘ரிட்ஜ்’ முறையை முன்வைத்தார்கள். கெழுக்கள் பெரிதாக வீங்கினால் அதற்கு அபராதம் விதித்து, எல்லாவற்றையும் பூஜ்யத்தின் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் முறை. சிறு சாய்வை ஏற்றுக்கொண்டு பெரிய தள்ளாட்டத்தைக் குறைப்பது அதன் பேரம். ஊகத்துக்கு நல்ல கருவி. யாருடைய பங்கு எவ்வளவு என்பதற்கு அது தருவது, தகவலோடு நம் அபராதமும் கலந்த பதில்.

லாங்லியின் அட்டவணைக்கு நான் சிபாரிசு செய்வது, பின்னல் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அங்கேயே கை வைப்பது. எல்லாம் ஒன்றாக ஏறியதற்குக் காரணம், நாம் ஒவ்வோர் ஆண்டின் மொத்த அளவை எடுத்தது. வளரும் நாட்டில் எல்லா மொத்தங்களும் ஏறும். அதற்குப் பதில், முந்திய ஆண்டைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற மாற்றத்தை மட்டும் எடுத்தால்?

```
v <- c("GNP", "Population", "GNP.deflator")
cor(longley[, v])
cor(diff(as.matrix(longley[, v])))
```

முதல் வரி தரும் ஒட்டுறவுகள் நாம் பார்த்த 0.99 ரகம். மாற்றங்களுக்கு மாறியதும், உற்பத்திக்கும் மக்கள்தொகைக்கும் இடையே இருந்த 0.991 வெறும் 0.05-ஆகச் சரிகிறது. உற்பத்திக்கும் விலைவாசிக்கும் 0.47. ஆண்டு என்ற காரணி தானாகவே கழன்றுவிடுகிறது. அதன் மாற்றம் எப்போதும் ஒன்றுதானே.

மாற்றங்களைக் கண்ணாலேயே படிக்கலாம் என்பது இதன் கூடுதல் லாபம். உற்பத்தி சற்றே குறைந்த ஆண்டுகள் இரண்டு: 1949, 1954. அந்த இரண்டிலும் வேலை முறையே 9.5 லட்சமும் 12.3 லட்சமும் குறைந்தது. 1958-ல் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிட்டது, 180 கோடி டாலர்தான் ஏறியது. வேலை 16.6 லட்சம் சரிந்தது. உற்பத்தி 4,400 கோடி டாலர் எகிறிய 1951-ல் வேலை 20 லட்சம் கூடியது. இந்தப் பதினைந்து மாற்றங்களுக்கு நடுவே கோடு இழுத்தால், உற்பத்தியின் ஏற்றத்தில் ஒவ்வொரு 100 கோடி டாலருக்கும் சுமார் 78,500 பேர் என்று கெழு வருகிறது. முதல் கோட்டின் 34,750-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எது சரி என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு கேள்விகளின் பதில்கள். மொத்தங்களின் கோடு, பதினாறு ஆண்டு வளர்ச்சியில் உற்பத்தியும் வேலையும் எந்த விகிதத்தில் கூடவே போயின என்று சொல்கிறது. அதில் விலையேற்றமும் கலந்திருக்கிறது. மாற்றங்களின் கோடு, ஒரு நல்ல ஆண்டுக்கும் கெட்ட ஆண்டுக்கும் இடையே வேலை எவ்வளவு ஆடியது என்று சொல்கிறது. மந்தநிலை பற்றிக் கவலைப்படுபவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

மாற்றங்களிலும் பதில் கிடைக்காத கேள்வி மக்கள்தொகை பற்றியது. ஆர்தர் கோல்ட்பெர்கர் என்ற பொருளியலாளர், பின்னலைப் பற்றிப் பாடநூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக அலறுவதைக் கிண்டல் செய்து, ‘தரவு போதாமை’க்கும் அதே தோரணையில் ஒரு பெரிய பெயரைச் சூட்டி எழுதினார். இரண்டும் செய்யும் கெடுதல் ஒன்றே, திட்டப்பிழை பெருக்கம் என்பது அவர் வாதம். இங்கே அது பொருந்துகிறது. அந்த ஆண்டுகளில் மக்கள்தொகையின் ஏற்றம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் இருபத்தைந்து லட்சத்துக்கும் நடுவே மெதுவாகத்தான் நகர்ந்தது, அதுவும் பெரிய ஏற்றங்கள் பெரும்பாலும் 1960-க்குப் பிறகு. பதினைந்து எண்களில் கடைசி மூன்றுதான் மற்றவற்றிலிருந்து நன்றாக விலகி நிற்கின்றன. பின்னலை அவிழ்த்த பிறகும், அந்த மூன்றை வைத்து ஆள்பெருக்கம் வேலையைக் கூட்டியதா குறைத்ததா என்று சொல்ல வழியில்லை.